தெர்மாமீட்டரில் ஏறாத சூடு

நேற்று கொள்ளுப் பருப்பு, இன்று சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கொங்கு வீடுகளில் இதற்குப் பாட்டியிடமிருந்து உடனே தீர்ப்பு வந்துவிடும்: "சூடு புடிச்சுக்கிச்சு கண்ணு, எளநி வெட்டிக் குடி." காய்ச்சல் அடிக்கிறதா என்று யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஏனென்றால், இங்கே சூடு என்பது காய்ச்சல் அல்ல.

இந்தச் சூடு, குளிர்ச்சிக் கணக்கு 1960களிலேயே ஆய்வாளர்களை இழுத்தது. காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், சடங்குகளில் சூடும் நிறமும் பெறும் பொருளைப் பற்றி 1969-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு கோவையிலிருந்து வெளிவந்த சத்துணவு ஆய்விதழில் ராமனமூர்த்தி என்பவர் இதே விஷயத்தை ஆய்வுக்கூடத்தின் வழியாக அணுகினார். சூடு என்று சொல்லப்படும் உணவுகளையும் குளிர்ச்சி எனப்படும் உணவுகளையும் மனிதர்களுக்குக் கொடுத்து, உடலில் நடப்பதை அளந்தார். சூட்டு உணவு உண்டபோது சிறுநீரில் அமிலத்தன்மையும் கந்தகமும் கூடின. உடலில் தங்கும் நைட்ரஜன் குறைந்தது.

பாட்டி கைகாட்டிய இடமும் சிறுநீர்தான்!

காரணம் புரியாததல்ல. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் புரதம். புரதத்திலுள்ள கந்தக அமினோ அமிலங்கள் எரியும்போது சல்பேட் உண்டாகி, சிறுநீரை அமிலமாக்குகிறது. இளநீர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதில் பொட்டாசியம் அதிகம். நீர்ச்சத்தும் சேர்ந்து சிறுநீரை நீர்த்துப்போகச் செய்கிறது.

ஆனால் உடலின் உள்வெப்பம்? அது 37 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. புரதத்தைச் செரிக்க அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் வரை வெப்பமாகச் செலவாவது உண்மை. ஆரோக்கியமான உடல் அந்த வெப்பத்தை வெளியேற்றிவிடும். மிளகாயில் இருக்கும் கேப்சைசினோ, 43 டிகிரி சூட்டை உணரும் நரம்பு வாங்கியையே தூண்டிவிடுகிறது. வியர்க்கிறது, நாக்கு எரிகிறது. வெப்பநிலை ஏறியதால் அல்ல.

கணக்கு உதைக்கும் இடங்களும் உண்டு. தயிரிலும் புரதம் இருக்கிறது, அதைக் குளிர்ச்சி என்கிறோம். மாம்பழத்தில் புரதம் மிகக் குறைவு, அதைச் சூடு என்கிறோம். ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை.

சூடு என்று கர்ப்பிணிக்கு மறுக்கப்படும் பப்பாளி இதற்கு நல்ல சோதனை. 2002-இல் வெளியான எலி ஆய்வில், பப்பாளிப் பால் கருப்பையைச் சுருங்க வைத்தது. நன்கு பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. ஆக, தவிர்க்க வேண்டியது காயும் அரைப்பழமும்தான். சூடு என்ற ஒற்றைச் சொல் காயையும் கனியையும் ஒன்றாக்கிவிட்டது.

எரிச்சலுக்கு இளநீர் குடிப்பதில் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஆபத்து. இரண்டு நாளில் எரிச்சல் அடங்காவிட்டாலோ, காய்ச்சலோ ரத்தமோ தெரிந்தாலோ அது சூடு அல்ல, தொற்றாக இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.