16 மாதங்களுக்கு முன்பே வந்த செய்தி

கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் மூடப்படும் என்ற அறிவிப்பு 2023 ஜூன் 5ஆம் தேதி வந்தது. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. இடையில் 16 மாதங்கள். வர்த்தக நிர்வாகம் பயிலும் எனக்கு அந்த இடைவெளிதான் பெரிய பாடமாகத் தெரிகிறது.

சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 1842ல் தொடங்கப்பட்டது. முதலில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்கிலும், பின்னர் புக்கிட் தீமாவிலும், 1999 முதல் கிராஞ்சியிலும் பந்தயங்களை நடத்தியது. பார்வையாளர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்து வந்தது. நிலமும் வீடுகள் முதலிய தேவைகளுக்கு வேண்டியிருந்தது. இந்தக் காரணங்கள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. ஏறக்குறைய 350 ஊழியர்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்படுவர் என்பதும் அப்போதே தெரிவிக்கப்பட்டது. இழப்பீடு குறித்துத் தொழிற்சங்கத்துடன் பேசப்பட்டது. வேலை தேடவும் திறன் பயிற்சி பெறவும் உதவி அளிக்கப்பட்டது.

சட்டம் கேட்பது இதைவிடக் குறைவு. ஒப்பந்தத்தில் வேறு கால அளவு இல்லையென்றால், ஐந்து ஆண்டுகளுக்குமேல் உழைத்தவருக்கும் நான்கு வார முன்னறிவிப்புப் போதும். இழப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் தருவதே இங்குள்ள வழக்கம். மாதம் 3,000 வெள்ளி வாங்கிய ஒருவர் எட்டு ஆண்டுகள் வேலை செய்திருந்தால், அவருக்குச் சுமார் 12,000 முதல் 24,000 வெள்ளி வரை கிடைக்கலாம். இந்தக் கணக்கைத் தலைவர் முன்பே போட்டுவைத்திருக்க வேண்டும். “எனக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும்?” என்று எதிரில் இருப்பவர் கேட்கும்போது “பிறகு சொல்கிறேன்” என்றால், அவர் வீட்டில் அன்றிரவு யாரும் தூங்கமாட்டார்கள்.

முன்கூட்டியே சொல்வதிலும் சிக்கல் உண்டு. திறமையானவர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். மீதமுள்ளவர்கள்மீது வேலை குவியும். அதனால்தான் சில நிறுவனங்கள் கடைசி நாள்வரை இருப்பவர்களுக்குத் தனித்தொகை தருகின்றன. எனினும், இதற்குப் பயந்து செய்தியை மறைத்தால் வதந்தி முந்திக்கொள்ளும். அதன்பின் தலைவர் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கிராஞ்சியிலும் எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. குதிரைப் பயிற்றுநர்கள் பலர் செய்தி கேட்டு அதிர்ந்தனர். குதிரைகளைப் பராமரித்தவர்களை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அந்தப் பயிற்றுநர்கள்தாம், கிளப் அல்ல. ஆகவே அவர்கள் அந்த 350 பேர் கணக்கில் வரவில்லை. ஒரு முடிவு யார் யாரைப் பாதிக்கும் என்று பட்டியலிடும்போது, சம்பளப் பட்டியலுக்கு வெளியேயும் பார்க்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து கற்றேன்.

நாளை நான் மேசையின் எந்தப் பக்கம் அமர்வேன் என்று தெரியாது. சொல்லும் பக்கம் அமர்ந்தால், முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, காரணத்தையும் தேதியையும் தொகையையும் விளக்கிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.