ஆப்ஷன் விலையில் ஒரு கடன்கணக்கு

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை. ரெப்போ வட்டியை 6 சதவிகிதத்திலிருந்து 5.5 சதவிகிதமாகக் குறைப்பதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. கால் சதவிகிதம் குறையும் என்று பலரும் காத்திருந்த இடத்தில் அரை சதவிகிதம் குறைந்தது. நிஃப்டி அன்று சுமார் 250 புள்ளிகள் ஏறி 25,000-ஐத் தொட்டு முடிந்தது. கால் ஆப்ஷன் வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள், புட் வைத்திருந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள்.

ஆனால் ஆப்ஷன் பாடப் புத்தகம் நேர்மாறாகச் சொல்கிறது. வட்டி குறைந்தால் கால் விலை இறங்கும், புட் விலை ஏறும் என்பது அதன் விதி. வட்டி ஒரு சதவிகிதம் மாறினால் ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்பதற்கு ‘ரோ’ என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். காலுக்கு ரோ கூட்டல்குறி, புட்டுக்குக் கழித்தல்குறி.

அன்றைய சந்தையும் பொய் சொல்லவில்லை, புத்தகமும் பொய் சொல்லவில்லை. இது புரிய, ஆப்ஷனை வாங்குபவரை விட்டுவிட்டு விற்பவரின் கணக்கு நோட்டைப் புரட்ட வேண்டும்.

ஒரு பங்கின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு கழித்து அதே 100 ரூபாய்க்கு 1,000 பங்குகளை வாங்கிக்கொள்ளும் உரிமையை, அதாவது கால் ஆப்ஷனை, ஒருவர் விற்கிறார். வட்டி 5 சதவிகிதம், பங்கின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 20 சதவிகிதம், டிவிடெண்ட் கிடையாது. 1973-இல் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரப்படி இந்த உரிமையின் விலை சுமார் 10,450 ரூபாய்.

விற்றவர் அந்தப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால், பங்கு விலை ஏறும்போது கையைக் கடிக்கும். அதனால் தற்காப்பாகக் கொஞ்சம் பங்கு வாங்கி வைக்கிறார். எவ்வளவு என்பதையும் சூத்திரமே சொல்லிவிடுகிறது: 637 பங்குகள். அதற்கு 63,700 ரூபாய் வேண்டும். கையில் இருப்பதோ பிரீமியமாக வந்த 10,450. மீதி 53,250 ரூபாயைக் கடன் வாங்குகிறார்.

இந்தக் கடனில்தான் விஷயம் இருக்கிறது. வட்டி 5-லிருந்து 6 சதவிகிதமானால், 53,250 ரூபாய்க்கு ஓர் ஆண்டில் கூடுதலாக 532 ரூபாய் கட்ட வேண்டும். அந்தச் செலவை அவர் வாங்குபவர் தலையில்தான் ஏற்றுவார். சூத்திரத்தில் ரோவைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தாலும் அதே 532 ரூபாய்தான் வருகிறது. இரண்டும் ஒத்துப்போவது தற்செயல் இல்லை. ஒரு காலின் ரோ என்பது, அதை விற்றவர் வாங்கிய கடனுக்கு மிச்சக் காலம் முழுவதும் கூடும் ஒரு சதவிகித வட்டியே. 6 சதவிகித வட்டியைப் போட்டு விலையை முழுதாக மறுபடி கணக்கிட்டால் 10,990 ரூபாய் வருகிறது. ஏற்றம் 540-ஐ ஒட்டி. சில ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம், வட்டி ஏறும்போது வாங்கி வைக்க வேண்டிய பங்கின் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறுவதுதான்.

புட்டை விற்றவருக்கு நிலைமை தலைகீழ். பங்கு விலை இறங்கினால்தான் அவருக்கு ஆபத்து. அதனால் பங்கை இரவல் வாங்கி விற்று வைக்கிறார். மேலே சொன்ன அதே விவரங்களுக்கு 363 பங்குகள், அதாவது 36,300 ரூபாய். புட்டுக்கு வாங்கிய பிரீமியம் 5,570. ஆக 41,870 ரூபாய் அவர் கையில் இருக்கிறது, அதை டெபாசிட் போடுகிறார். வட்டி ஒரு சதவிகிதம் ஏறினால் அவருக்கு 419 ரூபாய் கூடுதல் வருமானம். அந்த அளவுக்குக் குறைந்த விலையில் புட்டை விற்க அவரால் முடியும், போட்டி இருப்பதால் விற்கவும் செய்வார். கழித்தல்குறி இப்படித்தான் வருகிறது.

வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தாலும் இதே முடிவுதான். கால் வைத்திருப்பவர் ஒரு லட்ச ரூபாயை ஓர் ஆண்டு கழித்துக் கொடுத்தால் போதும், அதுவரை பணம் வங்கியில் வட்டி ஈட்டும். வட்டி ஏற ஏற, தள்ளிப்போடுவது லாபம். புட் வைத்திருப்பவர் அந்த ஒரு லட்சத்தை வாங்க ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். வட்டி ஏற ஏற, காத்திருப்பது நஷ்டம். மேலே வந்த 532-ஐயும் 419-ஐயும் கூட்டினால் 951. ஓர் ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 95,100 ரூபாய், அதற்கு ஒரு சதவிகித வட்டி சரியாக அந்தத் தொகைதான்.

இந்தக் கடன்கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மற்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பங்கு விலை 150 ரூபாய்க்குப் போய்விட்ட 100 ரூபாய் காலுக்கு, விற்றவர் கிட்டத்தட்ட 1,000 பங்குகளையும் வாங்கி வைத்திருப்பார். கடன் பெரிது, ரோவும் பெரிது. பங்கு 60 ரூபாயில் கிடந்தால் பங்கும் வாங்கியிருக்க மாட்டார், கடனும் இராது, ரோ சுழியை ஒட்டிவிடும்.

காலமும் அப்படியே. ஆறு நாள் கடனுக்கு எவ்வளவு வட்டி வந்துவிடும்? ஜூன் 12 வியாழக்கிழமை முடியவிருந்த 24,750 நிஃப்டி காலுக்கு ரோ சுமார் 2 புள்ளிதான். அரை சதவிகிதக் குறைப்பால் அதன் விலை ஒரு புள்ளி இறங்கியிருக்க வேண்டும். அன்று காலை நிஃப்டியும் 24,750-ஐ ஒட்டியே இருந்தது. அங்கிருந்து 250 புள்ளி ஏறியபோது, ஏற்றத்தில் பாதியாவது, அதாவது 125 புள்ளிக்குக் குறையாமல், அந்தக் காலின் விலையில் சேர்ந்திருக்கும். அந்த வேகத்தில் ஒரு புள்ளி இறக்கம் யார் கண்ணில் படும்?

பலர் தடுமாறுவது இங்கேதான். ‘பங்கு விலை அசையாமல் இருக்க, வட்டி மட்டும் மாறினால்’ என்பது ரோவின் நிபந்தனை. வட்டிச் செய்தி வந்த நாளில் பங்கு விலை அசையாமல் இருப்பதில்லை. வட்டி ஏறினால் கால் ஏறும் என்று படித்துவிட்டு, வட்டி உயர்வுக்கு முந்தைய நாள் வார நிஃப்டி கால் வாங்குவது, ஒரு புள்ளியைத் துரத்திக்கொண்டு நூறு புள்ளியைப் பணயம் வைப்பது.

நீண்ட கால ஆப்ஷனில் கதை வேறு. அமெரிக்காவில் ‘லீப்ஸ்’ என்ற பெயரில் இரண்டாண்டு, அதற்கு மேலும் நீளும் பங்கு ஆப்ஷன்கள் உண்டு. அங்கே இரண்டாண்டு அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி, 2022-இன் தொடக்கத்தில் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே இருந்தது. அந்த ஆண்டு முடிவில் 4 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. 100 டாலர் பங்கின் 100 டாலர் இரண்டாண்டு காலுக்கு ரோ ஏறக்குறைய 90 சென்ட். ஆக, 2022 தொடக்கத்து வட்டிக்குப் பதில் அந்த ஆண்டு முடிவின் வட்டியைப் போட்டு விலை சொன்னால், புதிதாக எழுதும் அதே காலுக்கு மூன்று டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மத்திய வங்கி அறிவிக்கும் ஒருநாள் வட்டி இல்லை, ஆப்ஷனின் ஆயுளுக்குச் சமமான காலத்துக்குச் சந்தையில் ஓடும் வட்டி. மத்திய வங்கி கை வைக்கும் முன்பே அது நகர்ந்துவிடுவது உண்டு.

எம்.சி.எக்ஸ். தங்க ஆப்ஷன் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஆப்ஷனுக்கு அடியில் இருப்பது தங்கம் இல்லை, தங்க ஃபியூச்சர்ஸ். ஃபியூச்சர்ஸ் வாங்க முழுப் பணம் தேவையில்லை, அதனால் விற்றவருக்குக் கடனும் இல்லை. மிஞ்சுவது, பிரீமியத்தை வாங்குபவர் இன்றே கொடுத்துவிட்டுப் பலனுக்குக் காத்திருப்பதால் இழக்கும் வட்டி மட்டும். ஃபியூச்சர்ஸ் விலை மாறாமல் வட்டி மட்டும் ஏறினால், அங்கே காலும் சற்றே இறங்கும், புட்டும் சற்றே இறங்கும்.