பத்துக் கடிதமானாலும் பத்தாயிரமானாலும்

பத்துப் பேருக்குப் பத்துக் கடிதங்கள் எழுதியாகிவிட்டது. பத்து உறைகளின் மேல் முகவரியும் எழுதியாயிற்று. உறைகளை ஒட்டும் வேலையை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் கைக்கு வந்த கடிதத்தைக் கைக்கு வந்த உறையில் போட்டு மூடுகிறார். ஒரு கடிதம்கூட உரியவருக்குப் போகாமல் பத்துமே தவறிப்போக எவ்வளவு வாய்ப்பு? கடிதங்கள் பத்தாயிரமாக இருந்தால் அந்த வாய்ப்பு என்ன ஆகும்?

இரண்டாவது கேள்விக்குப் பலர் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். கடிதம் கூடக் கூட ஒவ்வொன்றும் சரியான உறையைக் கண்டுபிடிப்பது கடினம், அதனால் எல்லாம் தவறுவது ஏறக்குறைய நிச்சயம் என்பார்கள் சிலர். இத்தனை ஆயிரம் கடிதங்களில் ஒன்றாவது சரியாக விழாதா என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பேர் சொல்வதும் நடப்பதில்லை. பத்துக் கடிதத்துக்கும் பத்தாயிரம் கடிதத்துக்கும் விடை ஏறக்குறைய ஒன்றே: நூற்றுக்கு 36.8.

சிறிய எண்ணிக்கையில் தொடங்கினால் இது எப்படி என்று புரியும். ஒரே கடிதம், ஒரே உறை என்றால் தவற வழியில்லை. இரண்டு என்றால் பாதிக்குப் பாதி. மூன்று கடிதங்களை உறையிலிட 6 வழிகள் உண்டு. அவற்றில் 2 வழிகளில் மூன்றுமே தவறும். ஆக மூன்றில் ஒரு பங்கு.

நான்கு கடிதங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மதுரை, கோவை, சேலம், நெல்லை என்று நான்கு ஊர்களுக்குப் போகவேண்டிய கடிதங்கள் அவை. மதுரைக் கடிதம் தவற வேண்டுமானால் மற்ற மூன்று உறைகளில் ஒன்றுக்குள் போக வேண்டும். கோவை உறைக்குள் போனது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோவைக் கடிதம் எங்கே போகிறது? அது மதுரை உறைக்குள் போனால் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மிச்சமுள்ள சேலமும் நெல்லையும் தங்களுக்குள் மாறிக்கொண்டால்தான் தவறும், அதற்கு 1 வழி. கோவைக் கடிதம் மதுரை உறைக்குள் போகாவிட்டால், மூன்று கடிதங்கள், மூன்று உறைகள், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆகாத உறை ஒன்று என்ற நிலை. இது மூன்று கடிதக் கணக்கேதான். அதற்கு 2 வழிகள். இரண்டையும் கூட்டினால் 3. மதுரைக் கடிதம் நுழையக்கூடிய தவறான உறைகளும் மூன்று என்பதால் மொத்தம் 9 வழிகள். நான்கு கடிதங்களை உறையிலிட 24 வழிகள் இருப்பதால் எல்லாம் தவறும் வாய்ப்பு 24இல் 9, அதாவது 0.375.

இதே வழியில் மேலே போகலாம். முந்தைய இரண்டு விடைகளைக் கூட்டி, கடித எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும். ஐந்து கடிதங்களுக்கு 4 × (9 + 2) = 44 வழிகள், மொத்தம் 120இல். ஆறுக்கு 5 × (44 + 9) = 265, மொத்தம் 720இல். வாய்ப்பு இப்படிப் போகிறது: மூன்றுக்கு 0.3333, நான்குக்கு 0.3750, ஐந்துக்கு 0.3667, ஆறுக்கு 0.3681, ஏழுக்கு 0.3679. ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் அலைவு சுருங்கி, ஓரிடத்தில் வந்து நிற்கிறது. ஏழைத் தாண்டினால் நான்காம் தசம இடம்வரை மாற்றமே இல்லை.

இந்தக் கணக்கு பிறந்தது அஞ்சலகத்தில் அல்ல, சீட்டாட்ட மேசையில். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் ரேமோன் த மோன்மோர் 1708இல் சூதாட்டங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ‘பதின்மூன்று’ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். அதன் எளிய வடிவம் இது: ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணுள்ள சீட்டுகளைக் கலைத்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். சொல்லும் எண்ணும் திரும்பும் சீட்டும் ஒரு முறையாவது ஒத்துப்போனால் திருப்புகிறவருக்கு வெற்றி. ஒரு முறையும் ஒத்துப்போகாவிட்டால் தோல்வி. எண்ணை உறையாகவும் சீட்டைக் கடிதமாகவும் கொண்டால் இரண்டும் ஒரே புதிர். நூலின் இரண்டாம் பதிப்பு 1713இல் வந்தபோது, அவருடன் கடிதத் தொடர்பில் இருந்த சுவிஸ் அறிஞர் நிக்கோலஸ் பெர்னூலியின் நிரூபணமும் அதில் இடம்பெற்றது.

அந்த நிரூபணத்தின் அடிப்படை, கழித்துக் கழித்துத் திருத்திக்கொண்டே போவது. நான்கு கடிதங்களின் 24 வழிகளில் மதுரைக் கடிதம் சரியாக விழுபவை 6, அவற்றைக் கழிக்கிறோம். மற்ற மூன்று ஊர்களுக்கும் அப்படியே ஆறு ஆறாகக் கழித்தால் 24உம் தீர்ந்து பூஜ்யம் வருகிறது. அளவுக்கு மீறிக் கழித்துவிட்டோம். இரண்டு கடிதங்கள் சரியாக விழுந்த வழிகளை இரண்டு முறை கழித்திருக்கிறோம். நான்கு ஊர்களில் இரண்டிரண்டாக எடுத்தால் 6 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் சரியாக இருக்கும் வழிகள் 2. ஆக 12ஐத் திருப்பிச் சேர்க்கிறோம். இப்போது நான்கும் சரியாக விழுந்த அந்த ஒரே வழி மட்டும் கணக்கில் கோளாறு செய்கிறது. அது தொடக்கத்தில் ஒரு முறை இருந்தது, நான்கு முறை கழிந்தது, ஆறு ஜோடிகளுக்காக ஆறு முறை சேர்ந்தது. ஆக 3 முறை உட்கார்ந்திருக்கிறது. அந்த 3ஐயும் நீக்கினால் 12 − 3 = 9. முன்பு கிடைத்த அதே விடை.

எத்தனை கடிதமானாலும் இதே முறை செல்லும். ஒவ்வொரு படியையும் மொத்த வழிகளால் வகுத்தால் விடை இப்படி அமையும்:

1 − 1 + 1/2 − 1/6 + 1/24 − 1/120 + …

கடிதம் ஒன்று கூடினால் வரிசையில் உறுப்பு ஒன்று கூடும். 2, 6, 24, 120, 720 என்று கீழெண்கள் வேகமாகப் பெருகுவதால் புதிதாக வரும் உறுப்பு வெகு சீக்கிரம் அற்பமாகிவிடும். விடை கடித எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் நிலைப்பதற்குக் காரணம் இதுதான்.

அது நிலைபெறும் இடம் 1/e, அதாவது 0.36788. e என்பது 2.71828 என்று தொடங்கும் முடிவற்ற எண். இங்கே அது வருவதற்கு ஒரு காரணத்தைக் கண்ணால் காணலாம். நூறு கடிதங்களில் ஒவ்வொன்றும் தவற வாய்ப்பு நூற்றுக்கு 99. இந்த 0.99ஐ நூறு முறை பெருக்கினால் 0.366 கிடைக்கும். ஆயிரம் கடிதத்துக்கு 0.999ஐ ஆயிரம் முறை பெருக்கினால் 0.3677. இந்தப் பெருக்கல் துல்லியமானதல்ல. ஒரு கடிதம் எங்கே விழுந்தது என்பது அடுத்ததன் வாய்ப்பைச் சிறிது மாற்றுகிறது. ஆனால் எண்ணிக்கை பெருகப் பெருக அந்தப் பாதிப்பு மறைந்து, இரண்டு கணக்கும் ஒரே எல்லைக்கு வந்து சேர்கின்றன. சரியாக விழும் கடிதங்களின் சராசரியும் எப்போதும் ஒன்றுதான்: பத்துக் கடிதங்களில் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு, பத்தாயிரத்தில் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. கடிதம் கூடும் அளவுக்கு ஒவ்வொன்றின் வாய்ப்பும் குறைந்து ஈடுகட்டிவிடுகிறது.

1750களின் தொடக்கத்தில் லெயோன்ஹார்ட் ஆய்லர் இதே ஆட்டத்தின் இருவர் ஆடும் வடிவத்தை ஆராய்ந்தார். இருவர் கையிலும் முழுச் சீட்டுக்கட்டு. இருவரும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு சீட்டாகத் திருப்ப வேண்டும். ஒரு முறையாவது ஒரே சீட்டு விழுந்தால் முதலாமவருக்கு வெற்றி. கட்டு பெரிதாக ஆக முதலாமவர் தோற்கும் வாய்ப்பு 1/eயை நெருங்குகிறது என்று ஆய்லர் காட்டினார். 52 சீட்டில் அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 63.2. சீட்டு எங்காவது ஒத்துப்போகாது என்று பந்தயம் கட்டுகிறவர் பெரும்பாலும் பணத்தை இழப்பார்.

இந்தப் புதிர் கடிதமும் உறையுமாக உருமாறியது யோகான் ஹைன்ரிக் லாம்பெர்ட்டின் கையில். π ஒரு விகிதமுறா எண் என்று நிரூபித்தவர் அவர். 1771இல், பஞ்சாங்கங்களில் அச்சாகும் வானிலைக் கணிப்புகளை அவர் நிகழ்தகவுக் கணக்கால் சோதிக்கப் புகுந்தார். கணிப்பு சில நாள் பலிக்கிறது. அது அறிவால் பலித்ததா, குருட்டு வாய்ப்பால் பலித்ததா என்று எப்படிப் பிரிப்பது? கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் எத்தனை பலிக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காகத்தான் கடிதங்களை உறைகளில் மாற்றிப் போடும் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது.

இன்றும் அந்தச் சோதனை செல்லுபடியாகும். பத்துப் பேரின் ஜாதகங்களையும் அவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் பெயரில்லாமல் ஒருவரிடம் கொடுத்து, எது யாருடையது என்று பொருத்தச் சொல்லலாம். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிறவரையும் இப்படியே சோதிக்கலாம். வெறும் ஊகத்தில் பொருத்தினால் ஒன்றும் சரியாகாமல் போக நூற்றுக்கு 37, ஒன்று மட்டும் சரியாக 37, இரண்டு சரியாக 18, மூன்று சரியாக 6. நான்கோ அதற்கு மேலோ சரியாக அமைய நூற்றுக்கு 2கூட இல்லை. ஆகவே ஒன்றிரண்டு பொருந்தியதை வைத்துத் திறமை என்று சொல்ல முடியாது. ஒன்றும் பொருந்தாததை வைத்துத் திறமையே இல்லை என்றும் தீர்க்க முடியாது. பத்தில் நான்கு பொருந்தினால் கவனிக்க வேண்டிய விஷயம். நூறு பேரை வைத்துப் பொருத்தினாலும் இதே நான்குதான் எல்லைக்கோடு. அங்கே நூற்றில் நான்கு என்பது பார்வைக்கு அற்பமாகத் தெரிந்தாலும், ஊகத்தால் கிடைப்பது அரிது.

ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கலப்பது உண்மையிலேயே தாறுமாறாக இருக்க வேண்டும். ஆயிரம் கடிதங்களை வரிசையாக அடுக்கி உறையிலிடும்போது ஒரு உறை விடுபட்டு, மீதியெல்லாம் ஒன்றொன்றாகத் தள்ளிப்போனால், அதற்குப் பிறகு வரும் அத்தனையும் தவறும். அது வாய்ப்பின் விளையாட்டல்ல, வரிசை பிசகியது.

கிறிஸ்துமஸ் காலத்தில் அலுவலகங்களில் சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. யாராவது தன் பெயரையே எடுத்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 63. குழு பத்துப் பேரானாலும் ஐம்பது பேரானாலும் அதே அளவு. அப்படி எடுத்தவரை மட்டும் வேறு சீட்டு எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். மூன்று பேர் உள்ள குழுவில் அப்படிச் செய்தால், கடைசி ஆள் தன் பெயரோடு மாட்டிக்கொள்ள நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முதல் ஆள் இரண்டாமவரின் சீட்டையும் இரண்டாம் ஆள் முதலாமவரின் சீட்டையும் எடுத்துவிட்டால் மூன்றாமவருக்கு வேறு சீட்டே மிஞ்சாது. ஒருவருக்குத் தன் பெயர் வந்தாலும் எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டு முதலிலிருந்து குலுக்குங்கள். சராசரியாக மூன்று குலுக்கலுக்குள் வேலை முடிந்துவிடும். எல்லோருக்கும் சமமான வாய்ப்பும் கிடைக்கும்.