திருகு கையோடு வந்துவிட்டால்

காலையில் வாட்சுக்குச் சாவி கொடுக்கிறீர்கள். பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்னத் திருகு விரலோடு வந்துவிடுகிறது. வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இனி நேரம் திருத்த முடியாது, சாவியும் கொடுக்க முடியாது. பெரும்பாலானவர்கள் அப்போதே, "வாட்ச் போச்சு" என்று முடிவு கட்டி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் கையில் வந்தது என்ன என்று உற்றுப் பார்க்க வேண்டும். பாதிப் பதில் அதில் இருக்கிறது.

ஒரு காலத்தில் கடிகாரங்களுக்கு உண்மையாகவே தனிச் சாவி இருந்தது. 1840-களில் அத்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர், திருகையும் அதன் கம்பியையும் கொண்டே கடிகாரத்தை முடுக்கி நேரத்தையும் திருத்தும் முறையைக் கண்டுபிடித்தார். சாவி போய்விட்டது, 'சாவி கொடுப்பது' என்ற பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. வெளியே தெரியும் குமிழைக் கடைக்காரர்கள் கிரவுன் என்பார்கள். உள்ளே போகும் மெல்லிய எஃகுக் கம்பி ஸ்டெம்.

ஸ்டெம்மின் வெளி முனையில் மரை இருக்கும், கிரவுன் அதில் திருகி நிற்கிறது. நடுவில் கம்பியைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். செட்டிங் லீவர் என்ற சிறு கொக்கி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, கம்பி வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உள் பகுதி சதுரமாக இருக்கும். அந்தச் சதுரத்தில் ஏறி நிற்கும் பல்சக்கரம், கிரவுனை அழுத்தியிருந்தால் ஸ்பிரிங்கை முடுக்கும், இழுத்தால் முள்ளைத் திருப்பும். இந்தப் பிடிகளில் எது விட்டது என்பதைத்தான் கையில் இருக்கும் துண்டு சொல்கிறது.

கிரவுன் மட்டும் வந்து, அதன் உள்ளே வெறும் மரை தெரிந்தால், கம்பி முறியவில்லை. மரை கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்து ஸ்டெம்மை வெளியே எடுப்பார். மரையில் பிடிப்புப் பசை ஒரு சொட்டுக்கும் குறைவாக வைத்து, கிரவுனை இறுக்கித் திரும்பச் செருகுவார். சில நிமிட வேலை.

கிரவுனோடு முழுக் கம்பியும், சதுரமும் பள்ளமும் சிதையாமல் வந்தால், செட்டிங் லீவர் பிடியை விட்டிருக்கிறது. அதைத் தாங்கும் திருகாணி தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும். பள்ளமோ லீவரோ தேய்ந்திருந்தால், தேய்ந்ததை மாற்ற வேண்டும். லீவரை மாற்றுவதென்றால் பெரும்பாலும் முள்ளையும் டயலையும் கழற்றியாக வேண்டும், கூலி கூடும்.

கிரவுனோடு பாதிக் கம்பி வந்தால்தான் உண்மையான முறிவு. என் நண்பர் ஒருவரிடம் அவருடைய அப்பாவின் பழைய சாவி வாட்சில் நடந்தது இதுதான். பழுதுபார்ப்பவர் முறிந்த முனையை லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி போயிருக்கு சார்" என்றார். முறிந்த இடம் பளிச்சென்ற சாம்பல் நிறமாக இருந்தால் அடியிலோ இழுப்பிலோ ஒடிந்தது. பழுப்பாக இருந்தால் துரு அரித்து ஒடிந்தது. நண்பருடையது பழுப்பு. கிரவுனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப் போய், வேர்வை வருஷக்கணக்கில் கம்பி வழியாக உள்ளே இறங்கியிருந்தது. கம்பியில் மிக மெல்லிய இடமான பள்ளத்தில் அது ஒடிந்தது. அப்படியானால் ஸ்டெம்மை மட்டும் மாற்றிப் பயனில்லை, மெஷினையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

செட்டிங் லீவரின் திருகாணியை அவர் ஓரிரு சுற்றுத்தான் தளர்த்தினார். முழுக்கக் கழற்றினால் லீவர் டயலுக்கு அடியில் விழுந்துவிடும். உள்ளே நின்ற துண்டை இடுக்கியால் எடுத்தார். மெஷினில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து அதற்கான புது ஸ்டெம்மைத் தேடினார். கடிகாரத்தின் பெயரை வைத்து ஸ்டெம் வாங்க முடியாது. ஒரே பெயரில் வேறு வேறு மெஷின்கள் வந்திருக்கும்.

புது ஸ்டெம் எப்போதும் தேவைக்கு மேல் நீளமாகவே வரும், ஏனென்றால் ஒரே மெஷின் பல அளவு கேஸ்களில் உட்காரும். கிரவுனைக் கடைசி மரை வரை மாட்டி, ஸ்டெம்மை முழுதாகச் செருகினார். கிரவுனுக்கும் கேஸுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி. அவர் வெட்டியது மூன்றரைதான். மிச்சத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பார்த்தார். அரை மில்லிமீட்டர் கூடினால் கிரவுன் துருத்திக்கொண்டு சட்டைக் கையில் மாட்டும், தூசியும் உள்ளே போகும். குறைந்தால், கம்பி உள்ளே பதிவதற்கு முன்பே கிரவுன் கேஸில் முட்டிக்கொள்ளும், சாவி ஏறாது. அப்படிக் குறைந்துவிட்டால் பெரும்பாலும் வேறு ஸ்டெம்தான்.

இன்னொரு சிக்கல் இருந்தது. பழைய கம்பியின் மரை முனை கிரவுனுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. கம்பெனி முத்திரை உள்ள கிரவுன், விட மனமில்லை. அதற்கு அவர் கையாண்டது படிகாரம். சுடுநீரில் கரையும் மட்டும் படிகாரத்தைக் கரைத்து, இளஞ்சூட்டிலேயே வைத்து, அதில் கிரவுனைப் போட்டார். எஃகை அது மெல்ல அரித்துவிடும், பித்தளையைத் தொடாது. மறுநாள் மரை காலியாக இருந்தது. பித்தளைக் கிரவுனுக்கு மட்டுமே இந்த வைத்தியம். ஸ்டெம்மை இதில் போட்டால் ஸ்டெம்மே கரைந்துவிடும்.

சில பழைய வாட்சுகளில் பின்மூடி கிடையாது, மெஷினைக் கண்ணாடிப் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். அவற்றில் ஸ்டெம்மே இரண்டு துண்டாக இருக்கும், ஒன்றில் ஒன்று கவ்விக்கொள்ளும். பலமாக இழுத்தால் வெளித்துண்டு வந்துவிடும். பார்ப்பதற்கு முறிவு போலவே இருக்கும். ஆனால் நேராக வைத்து அழுத்தினால் திரும்பக் கவ்விக்கொள்ளும். முனையில் உடைந்த சொரசொரப்பு இல்லாமல் சீரான வடிவம் இருந்தால் இதுவாக இருக்கலாம்.

சரி, செலவு செய்யலாமா? பழைய எச்.எம்.டி. போன்ற சாவி வாட்சுகளுக்கு ஸ்டெம் இன்னும் கிடைக்கிறது. கம்பியின் விலை சொற்பம், கூலிதான் செலவு. செய்யலாம். பேட்டரி வாட்சில் கணக்கு வேறு. மியோட்டா 2035 போன்ற, எங்கும் கிடைக்கும் மெஷின் என்றால், ஸ்டெம்மை மட்டும் மாற்றுவதை விட மெஷினையே மாற்றுவது பல கடைகளில் வழக்கம். புது மெஷினோடு ஸ்டெம்மும் வந்துவிடும். ஆனாலும் அதை அளவுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். எண்ணே பொறிக்காத மலிவு மெஷின் என்றால், முள் துளையும் தேதி ஜன்னலும் பொருந்தும் மாற்று மெஷினைத் தேட வேண்டும். அந்த அலைச்சலுக்கு வாட்ச் தகுமா என்பதை அதன் மேல் உங்களுக்கு உள்ள பற்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வீட்டில் இருக்கும் உடனடிப் பசையை வைத்து ஒட்டாதீர்கள். அது கம்பியோடு உள்ளே ஊர்ந்து, கிரவுனைக் கேஸோடு சேர்த்துப் பிடித்துவிடும். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். ஐந்து நிமிட வேலை அப்போது பெரிய வேலையாகிவிடும். வந்த துண்டை ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள், துளை மேல் டேப் ஒட்டுங்கள், கடைக்குப் போகும் வரை கையில் கட்டாதீர்கள்.

வாட்சைத் திருப்பித் தரும்போது பழுதுபார்ப்பவர் நண்பரிடம், "கையில கட்டிக்கிட்டே சாவி கொடுக்காதீங்க" என்றார். மணிக்கட்டில் இருக்கும்போது விரல் கிரவுனை நேராகப் பிடிக்காது, சாய்த்துத்தான் இழுக்கும். அந்தச் சாய்வை எல்லாம் தாங்குவது ஒரு மில்லிமீட்டர் தடிமன் கம்பி. இப்போது நண்பர் காலையில் வாட்சைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துத்தான் சாவி கொடுக்கிறார்.