செட்டில்மென்ட் செய்த கடன் சிபிலில் எப்படித் தெரியும்?

கோவையில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் 16 சதவீத வட்டியில் 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுத் தவணை, மாதம் சுமார் 7,300 ரூபாய். இருபது மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு பட்டறையில் வேலை குறைந்து தவணை நின்றுபோனது. 90 நாட்களைத் தாண்டியதும் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்த்தது. ஒரு வருடத்தில் வட்டியும் அபராதமும் சேர்ந்து பாக்கி 2,70,000 ரூபாயாக நின்றது.

அப்போதுதான் வசூல் முகவர் ஒரு யோசனை சொல்கிறார். "ஒரே தடவையில் 1,20,000 கட்டிவிடுங்கள் சார், கணக்கை முடித்துவிடலாம்." உறவினரிடம் கைமாற்று வாங்கி அவர் கட்டிவிடுகிறார். தொலைபேசித் தொல்லை நிற்கிறது.

வங்கி ஏன் ஒன்றரை லட்சத்தை விட்டுக்கொடுக்கிறது? தனிநபர் கடனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் அடமானம் கிடையாது. வழக்குப் போட்டு வசூலிக்கப் பணமும் காலமும் செலவாகும். வந்தவரை போதும் என்று தன் கொள்கைக்கு உட்பட்டு வங்கி கணக்குப் பார்க்கிறது. ஆனால் முழுப் பணமும் வரவில்லை என்ற உண்மையை அது கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவித்துவிடும். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

முழுக் கடனையும் அடைத்தவரின் அறிக்கையில் அந்தக் கணக்கு Closed என்று வரும். நம் பட்டறைக்காரரின் அறிக்கையில் Settled என்று வரும். வங்கி ஏற்கெனவே அந்தக் கடனைத் தன் புத்தகத்தில் தள்ளுபடிக் கணக்குக்கு மாற்றியிருந்தால் Post (WO) Settled என்று வரும். எவ்வளவு தொகைக்கு முடிக்கப்பட்டது என்பதும் பதிவாகும். தவணை எத்தனை நாள் தாமதமானது என்பதையும் கீழே உள்ள 36 மாதக் கட்டங்கள் காட்டும்.

மூன்று ஆண்டு கழித்து வீட்டுக் கடனுக்கு அவர் விண்ணப்பிக்கும்போது, இடையில் ஸ்கோர் ஓரளவு தேறியிருந்தாலும், அதிகாரியின் கண் அந்த ஒரு சொல்லில் நின்றுவிடும். கடன் கிடைக்காமல் போகலாம்; கிடைத்தால் வட்டி கூடலாம். இத்தகைய விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இருந்தால் அவருடைய அறிக்கையிலும் அதே கணக்கு தெரியும்.

அதனால் செட்டில்மென்ட்டே கூடாது என்று அர்த்தமில்லை. கட்டாமல் தொங்கும் கடனைவிட முடிக்கப்பட்ட கடன் மேல். ஆனால் வருமானம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று வங்கியிடம் முதலில் கேட்பது நல்லது. அபராதத்தை மட்டும் தள்ளச் சொல்லியும் கேட்கலாம்.

வேறு வழியில்லை என்றால், பணம் கட்டும் முன் வங்கியின் செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வர வேண்டும். கடன் எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, மீதியைக் கேட்க மாட்டோம் என்ற உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். முகவரின் வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும் போதாது. பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கோ கையிலோ கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டால், ஒன்று தவறினாலும் சலுகை ரத்தாகலாம். கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிவிட வேண்டும்.

கை நிமிர்ந்த பிறகு Settled என்பதை மாற்ற ஒரு வழி உண்டு. விட்டுக்கொடுத்த 1,50,000 ரூபாயைக் கட்டிவிடுகிறேன் என்று வங்கிக்கு எழுத வேண்டும். வங்கி ஏற்றுக்கொண்டு பணம் பெற்றதும், முழுக் கடனும் அடைந்தது என்று சான்று கொடுத்து, கணக்கை Closed என்று திருத்தி அனுப்பும். வங்கி சொல்லாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. அப்போதும் பழைய தாமத நாட்கள் அறிக்கையில் இருக்கும். காசு வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லை அழித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களால் சரியான பதிவை நீக்க முடியாது.

தவறான பதிவு வேறு விஷயம். செட்டில்மென்ட் முடிந்து இரண்டு மாதம் கழித்தும் பாக்கித் தொகை பூஜ்ஜியமாகவில்லை என்றால் அது பிழை. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைப் பார்த்து, கடிதத்தையும் ரசீதையும் இணைத்து வங்கியிடமும் அந்த நிறுவனத்திடமும் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்கப்படாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிறகும் அசையாவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.