ஆவணியில் உழைத்த மணி ஐப்பசியில் யாருடையது?

திருகோணமலையில் கடற்கரை வேலைக்கு ஆண்டில் இரண்டு முகங்கள் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறைகள் நிரம்பும், புறாத்தீவுக்குப் படகுகள் போகும், சமையலறையில் நிற்க நேரம் இராது. வாடைக்காற்று வந்ததும் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு வரவேற்பு மேசையில் இருப்பவருக்குப் பேரேட்டைப் புரட்டுவதைத் தவிர வேலை அதிகம் இல்லை. ஆனால் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் ரியூஷனுக்கும் சீசன் கிடையாது. அவற்றுக்கு மாதாமாதம் காசு வேண்டும்.

இந்த முரணுக்கு ஐரோப்பாவில் கண்ட வழிகளில் ஒன்றுதான் ஆண்டுக்கணக்கில் வேலை மணியைப் பேசும் ஒப்பந்தம். வாரத்துக்கு இத்தனை மணி என்று பேசாமல், ஆண்டு முழுவதற்கும் இத்தனை மணி என்று பேசுகிறார்கள். சம்பளத்தைப் பன்னிரண்டு சமபங்காகக் கொடுக்கிறார்கள். வேலை மட்டும் சீசனுக்கு ஏற்பக் கூடும், குறையும். பிரான்ஸில் இதன் ஆண்டு அளவு 1607 மணி. 365 நாளில் வார ஓய்வு 104, ஆண்டு விடுப்பு 25, பொது விடுமுறை 8 போக மிஞ்சுவது 228 நாள். நாளுக்கு 7 மணி வீதம் 1596 வரும். அதை 1600 ஆக்கினார்கள். 2003ஆம் ஆண்டு வெப்ப அலையில் முதியவர்கள் பலர் இறந்த பிறகு, முதியோர் நலனுக்கென ஒரு நாள் வேலையைச் சேர்த்ததில் 1607 ஆயிற்று. லீவும் விடுமுறையும் தொடக்கத்திலேயே கழிக்கப்பட்டுவிட்டன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் ஊருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உப்புவெளியில் ஒரு சிறிய விடுதி என்று வைத்துக்கொள்வோம். லீவு, போயா, விடுமுறை எல்லாம் கழித்து ஆண்டுக்கு 1800 மணி என்று ஒப்பந்தம். அப்படியானால் ஒவ்வொரு மாதச் சம்பளமும் 150 மணிக்கானது. மே முதல் செப்டெம்பர் வரை மாதம் 180 மணி, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் 145, நவம்பர் முதல் மார்ச் வரை 122 என்று ரோஸ்டர் போட்டால் மொத்தம் சரியாக 1800 வரும்.

இந்தக் கணக்குக்கு ஒரு கொப்பி போதும். அதில் மூன்று பத்திகள்: இந்த மாதம் செய்த மணி, சம்பளம் கொடுத்த மணி, இதுவரையான மீதி. ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கினால் ஏப்ரல் முடிவில் ஊழியர் 5 மணி கடன். மே முடிவில் 25 மணி வரவு. பிறகு மாதம் 30 மணி ஏறி, செப்டெம்பர் முடிவில் 145 மணி வரவில் நிற்கும். அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்துக்கு நிகரான உழைப்பை முதலாளியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். ஒக்டோபர் முதல் அது கரைந்து மார்ச் 31இல் பூச்சியமாகும்.

அதே ரோஸ்டர், அதே சம்பளம், ஆனால் ஆண்டை நவம்பர் முதலாம் திகதி தொடங்கிப் பாருங்கள். முதல் ஆறு மாதமும் சம்பளம் முந்துகிறது, வேலை பிந்துகிறது. ஏப்ரல் முடிவில் ஊழியர் 145 மணி கடனில் இருப்பார். சீசன் அதைத் தீர்த்து வைக்கும். ஆண்டுக் கணக்கு எந்த மாதத்தில் தொடங்குகிறது என்ற ஒரு வரியே, இடையில் ஏதும் நடந்தால் யார் கையில் இழப்பு விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. கையெழுத்திடுவோர் சம்பளத் தொகையை இரண்டு முறை வாசிக்கிறார்கள், இந்த வரியை வாசிப்பதில்லை என்பதே என் கவலை.

இடையில் ஏதும் நடந்தால் என்றேன். இங்கிலாந்தில் அது நடந்தது. கிறிஸ்டியன் சல்வெசன் என்ற உணவு நிறுவனத்தில் தொழிற்சங்கத்துடன் செய்த உடன்படிக்கை ஆண்டுக்கு 1824 மணி என்றது. வாரச் சம்பளம் 40 மணிக் கணக்கில். 1824ஐத் தாண்டினால்தான் ஓ.டி. ஆண்டு முடியுமுன் ஆட்குறைப்பு வந்தது. அலி என்பவரும் சக ஊழியர்களும் வாரம் 40க்கு மேல் உழைத்திருந்தார்கள், ஆனால் 1824ஐ எட்டவில்லை. கூடுதலாக உழைத்த மணிக்குக் காசு கேட்டார்கள். 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆண்டின் நடுவில் வேலை போனால் என்ன என்று உடன்படிக்கை எதுவும் சொல்லவில்லை. இரு தரப்பும் பேசி எழுதிய ஆவணத்தில் இல்லாத ஒன்றை நீதிமன்றம் எழுதிச் சேர்க்காது என்பதே தீர்ப்பின் சாரம். அந்த மணிகள் அவர்களுக்குத் திரும்பவே இல்லை.

இலங்கையில் இந்த முறையை அப்படியே இறக்க முடியாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, கடை அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று நிறுத்துகிறது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. அந்த ஓ.டி.யும் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக் கூடாது. ஆகவே ஓகஸ்டில் ஒருவரை ஒரு வாரத்தில் 55 மணி வேலை வாங்கி, "மாரியில் லீவு தாறன், கணக்குச் சரி" என்று முதலாளி சொன்னால் கணக்குச் சரியாகாது. அந்த 10 மணி அந்த வாரத்து ஓ.டி., சேமிப்பு அல்ல. போயா நாளில் வேலை வாங்கினாலும் ஒன்றரை மடங்கு உண்டு, அதற்கும் கொப்பியில் தனிப் பத்தி வேண்டும். சட்டத்துக்குள் நின்று இதைச் செய்ய ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. சீசன் உச்சியே 45க்குள் அடங்குமாறு ஆண்டு மொத்தத்தைக் குறைத்துப் பேச வேண்டும். மேலே போட்ட கணக்கில் 180 மணி என்பது வாரத்துக்கு ஏறத்தாழ 42. நாளுக்கு 8 மணியையும் தாண்டாமல் ரோஸ்டர் போட்டால் ஓ.டி. எழாது.

இனிக் கொப்பி எங்கே பிழைக்கும் என்று பார்ப்போம். லீவை முதலிலேயே கழித்துவிட்டு, லீவெடுத்த நாளுக்கு மறுபடி 8 மணி வரவு வைத்தால் ஊழியருக்கு இரட்டைப் பலன். ஆண்டு முடிவில் மணி குறைந்திருப்பதை முதலாளி கண்டுபிடிப்பார், சண்டை வரும். நோய் அப்படியல்ல. அதை யாரும் முன்கூட்டிக் கழிப்பதில்லை. ஜூலையில் 8 மணி ரோஸ்டரில் இருந்தவர் காய்ச்சலில் விழுந்தால் அந்த 8 மணியையும் வரவு வைக்க வேண்டும். சராசரி என்று சொல்லி 6 மணி எழுதினால், காய்ச்சலுக்காக அவர் 2 மணி கடன்படுகிறார். சீசனில் நோயாளியானவர்களின் மீதி மட்டும் தொடர்ந்து பின்தங்கினால் இந்தப் பிழை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று காற்றும் மழையும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியொரு நாளில் ரோஸ்டரில் இருந்தவரை வர வேண்டாம் என்று சொன்னால் அந்த மணி யார் கணக்கில்? எதுவும் எழுதப்படாவிட்டால் அது ஊழியரின் கடனாகச் சேர்ந்து, மே மாதத்தில் அவர் முதுகில் ஏறும். முதலாளி நிறுத்திய ஷிஃப்ட் செய்த ஷிஃப்டாகவே எண்ணப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

கடைசியாக, அலிக்குக் கிடைக்காத அந்த வரி. எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அன்றைய மீதியைத் தீர்க்க வேண்டும். வரவு மணிக்கு என்ன வீதத்தில் காசு, முதலாளியே நிறுத்தினால் கடன் மணி தள்ளுபடியா, ஊழியரே விலகினால் என்ன என்று மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டமும் வரையறுப்பதால், கடன் மணியைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று எழுதுமுன் தொழில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மாத முடிவில் மீதிக்கு எதிரே இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விடுதி கைமாறும் நாளில், செப்டெம்பர் மாதத்து 145 மணிக்கு அவர் கையில் இருக்கும் சான்று அந்தத் தாள்தான்.