வீட்டில் மார்ஃபின் மாத்திரை... வலிக்கும்போது மட்டும் கொடுத்தால் போதுமா?

"அப்பாவுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்துட்டாங்கடி. அப்போ அவ்ளோதானா?"

போனில் தோழி இப்படித்தான் ஆரம்பித்தாள். அவள் அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். உண்மையில், மார்ஃபின் என்பது கடைசி நாள்களுக்கான மருந்து இல்லை. வலி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதை எழுதுகிறார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்துக்கொண்டு, வலி குறைந்ததும் டாக்டர் சொல்படி படிப்படியாக நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 10 மி.கி மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று ஒவ்வொன்று. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு. நடுராத்திரி 2 மணிக்கு அவரை எழுப்பாமல் இருக்கத்தான் அந்த இரட்டை டோஸ். இது டாக்டரே எழுதிக் கொடுத்தது, நாமாக முடிவு செய்வதல்ல. இந்தச் சாதாரண மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். வலி வந்தபிறகு பார்த்துக்கலாம் என்று விட்டால், முழு வலியோடு மறுபடி முதலிலிருந்து போராட வேண்டும். அதனால், வலி இல்லாவிட்டாலும் மணி அடித்ததும் மாத்திரை. தோழி மொபைலில் 5 அலாரம் வைத்தாள்.

இடையில் வலி குத்தினால்? டாக்டர் சொல்லியிருக்கும் கூடுதல் டோஸ், இவருக்கு ஒரு 10 மி.கி மாத்திரை, கொடுக்கலாம். ஆனால், அடுத்த அலாரத்துக்கான மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது. எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதுவது அவசியம். ஒரே நாளில் 3 கூடுதல் மாத்திரை போனது என்று தோழி நோட்டைக் காட்டியதும், டாக்டர் கணக்குப் போட்டார். வழக்கமான 60, கூடுதல் 30, மொத்தம் 90 மி.கி. அதை ஆறாகப் பிரித்து, ஒரு வேளைக்கு 15 ஆக்கினார். நோட்டு இல்லையென்றால் இந்தக் கணக்கே கிடையாது.

முதல் இரண்டு நாள் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். தோழி பயந்து அடுத்த மாத்திரையை நிறுத்தப் போனாள். "பல வாரம் வலியில தூங்காத மனுஷன்மா, இப்போதான் தூங்குறார்" என்றார் நர்ஸ். இந்த மயக்கம் பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் தெளிந்துவிடும். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பதில் சொல்கிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் பயம் வேண்டாம்.

உலுக்கியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே 108-ஐயும் டாக்டரையும் அழைக்க வேண்டும். கை கால் திடீர் திடீரென்று துள்ளுவது, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது போன்றவை தெரிந்தாலும், அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். மருந்தின் கழிவுகளை வெளியே அனுப்புவது சிறுநீரகம்தான். வாந்தி, சாப்பிடாமல் இருப்பது போன்றவற்றால் சிறுநீர் குறைந்தால், நேற்றுவரை ஒத்துக்கொண்ட அதே அளவே உடம்பில் தேங்கி அதிகமாகிவிடும்.

மயக்கம் தெளியும், மலச்சிக்கல் தானாகத் தெளியாது. மார்ஃபின் குடலின் அசைவைக் குறைக்கிறது, உடம்பு இதற்குப் பழகிக்கொள்வதும் இல்லை. அதனால்தான் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி எழுதுகிறார்கள். பிசகோடில் மாத்திரையை இரவில் கொடுத்தால் காலையில் வேலை செய்யும். அதைப் பொடிக்கக் கூடாது, பாலோடும் கொடுக்கக் கூடாது. 'நல்லாத்தானே போகுது' என்று தோழி அதை நிறுத்தினாள். மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் தண்ணீர் தண்ணீராகப் போனது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். நல்லவேளை, முதலில் போன் செய்தாள். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிந்த தண்ணீர் அது! நர்ஸ் வந்து எனிமா கொடுக்க வேண்டியதாயிற்று. இசப்கோல் வாங்கிக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு அது உள்ளேயே இறுகிப்போகும், வேண்டாம். மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மலமிளக்கியையும் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வாயில் புண் அதிகமாகி விழுங்க முடியாதபோது, அப்பாவின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். 12 மணி நேர மாத்திரையாக இருந்தால் இதைச் செய்யவே கூடாது, அரை நாள் மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்க வேண்டாம். பல நாள் எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மாத்திரைகள் பூட்டிய அலமாரியில், எண்ணி வைத்தபடி இருக்கட்டும். மீந்தால் பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குக் கொடுக்காமல், வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.